உள்ளீடற்ற கோளமும் ஓடும் பட்டையும்

கல்லூரி ஆய்வகங்களிலும் அறிவியல் மையங்களிலும் மேசைமேல் நிற்கும் வான் டி கிராஃப் மின்னியற்றியில் பாகங்கள் மிகக் குறைவு. அடியில் ஒரு சிறு மோட்டார், அது சுழற்றும் ஓர் உருளை, அதற்கு மேலே அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தூண், தூணின் உச்சியில் இன்னோர் உருளை. இரண்டு உருளைகளையும் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். மேல் உருளையை மூடியபடி, தூணின் தலையில் உள்ளீடற்ற உலோகக் கோளம் ஒன்று உட்கார்ந்திருக்கும். மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றி எதுவும் இதில் கிடையாது. ஆனாலும் மோட்டாரைப் போட்ட ஓரிரு வினாடிகளில் அந்தக் கோளம் இரண்டு லட்சம், மூன்று லட்சம் வோல்ட்டை எட்டிவிடுகிறது. வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட்.

மின்னழுத்தம் என்பது ஒரு கணக்குதான். ஓரிடத்துக்கு ஒரு கூலூம் மின்னூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை ஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறதோ, அத்தனை வோல்ட். கோளத்தில் மின்னூட்டமே இல்லாதபோது முதல் துளி மின்னூட்டம் சிரமமின்றிப் போய்ச் சேரும். அதன் பிறகு வருவதை ஏற்கெனவே அங்கே இருப்பது விலக்கித் தள்ளும். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால், கோளத்தில் சேரச்சேர அடுத்த துளியைச் சேர்ப்பது கடினமாகிக்கொண்டே போகும். மூன்று லட்சம் வோல்ட்டில் இருக்கும் கோளத்துக்கு மேலும் மின்னூட்டம் கொடுக்க முயல்கிறவர் மூன்று லட்சம் வோல்ட் எதிர்ப்பைச் சந்தித்தாக வேண்டும். இந்த எதிர்ப்பைக் கருவி எந்த இடத்தில் சந்திக்கிறது, எதைக் கொண்டு வெல்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் முழுக் கருவியும் விளங்கிவிடும்.

அடியிலிருந்து தொடங்கலாம். கீழ் உருளையும் பட்டையும் வேறு வேறு பொருளால் ஆனவை. உருளை டெஃப்லான் என்றும் பட்டை ரப்பர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து சில எலக்ட்ரான்கள் மற்றொன்றுக்குத் தாவும். டெஃப்லான் எலக்ட்ரான்களை விரும்பி ஏற்கும் பொருள். ஆகவே உருளை எதிர்மின்னூட்டம் பெறுகிறது, பட்டையின் உட்புறம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. உராய்வினால் மின்னூட்டம் பிறக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் தேய்ப்பு அவசியமில்லை, தொட்டுப் பிரிந்தாலே போதும். பட்டை ஒவ்வொரு சுற்றிலும் உருளையைத் தொட்டுத் தொட்டுப் பிரிகிறது.

இதுவே கோளத்துக்குப் போகும் மின்னூட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இந்த மின்னூட்டம் ஒரு தூண்டுகோல் மட்டுமே. பட்டை நீளமானது, அதில் சேர்ந்தது நீளம் முழுக்கப் பரவிக்கிடக்கும். உருளையோ சிறியது, அதில் சேர்ந்தது அங்கேயே தேங்கி அடர்த்தியாகும். ஆகவே உருளையைச் சுற்றி ஒரு வலுவான மின்புலம் உருவாகிறது. உருளைக்கு எதிரே, பட்டைக்கு வெளிப்புறத்தில், சில மில்லிமீட்டர் தள்ளி ஓர் உலோகச் சீப்பு இருக்கிறது. கூர்முனைகள் வரிசையாக நிற்கும் தகடு அது, தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். உருளையின் எதிர்மின்னூட்டம் சீப்பின் முனைகளுக்கு நேர்மின்னூட்டத்தை இழுத்துவருகிறது. கூரிய முனையில் மின்புலம் மிகச் செறிவாகும் என்பதால் அங்குள்ள காற்று மூலக்கூறுகள் உடைந்து அயனிகளாகின்றன. எதிர் அயனிகள் சீப்புக்குள் போய்விடும். நேர் அயனிகள் உருளையை நோக்கிப் பாயும். ஆனால் நடுவில் பட்டை ஓடுகிறதே! அவை பட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அதனோடு மேலே போய்விடுகின்றன. உருளையை எட்டி அதன் எதிர்மின்னூட்டத்தைத் தீர்க்க அவற்றுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் உருளையின் தூண்டுதல் குறையாமல் நிற்கிறது, சீப்பிலிருந்து அயனிகள் தொடர்ந்து தெளிக்கப்படுகின்றன.

பாடநூல் படங்களில் கீழ்ச் சீப்பு பத்தாயிரம் வோல்ட் தரும் தனி மின்மூலத்தோடு இணைந்திருக்கும். அந்த அமைப்பிலும் நடப்பது இதுவே, உருளையின் தூண்டுதலுக்குப் பதிலாக வெளி மின்மூலம் அந்த வேலையைச் செய்கிறது. பெரிய ஆராய்ச்சிக் கருவிகளில் தனி மின்மூலம்தான் நல்லது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். மேசைமேல் வைக்கும் கருவிகள் பெரும்பாலும் உருளையை நம்பியே ஓடுகின்றன.

பட்டை இப்போது நேர்மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு தூணுக்குள் ஏறுகிறது. கோளமும் நேர்மின்னூட்டம் உடையதுதான். ஆகவே ஏறும் பட்டையைக் கோளம் கீழ்நோக்கித் தள்ளுகிறது. மேலே கேட்ட கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்று லட்சம் வோல்ட் எதிர்ப்பு முழுவதும் தூணின் அரை மீட்டர் நீளத்தில் விரிந்து கிடக்கிறது. அந்த எதிர்ப்பை மீறிப் பட்டையை மேலே இழுப்பது மோட்டார். மின்னூட்டம் பட்டையில் ஒட்டியிருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அது சறுக்கிக் கீழே திரும்ப வழியில்லை. பட்டை போகும் இடத்துக்கு அதுவும் போயாக வேண்டும். கோளத்தில் சேரும் மின்னாற்றல் எல்லாமே மோட்டாரின் இயந்திர ஆற்றலிலிருந்து வந்தது.

தூணின் உச்சியைத் தாண்டிப் பட்டை கோளத்துக்குள் நுழைந்ததும் நிலைமை அடியோடு மாறுகிறது. உலோகக் கூட்டின் மேற்பரப்பில் எவ்வளவு மின்னூட்டம் இருந்தாலும் அது கூட்டின் உள்ளே மின்புலத்தை உண்டாக்காது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வரும் விலக்கு விசை மற்றப் பக்கங்களிலிருந்து வருவதோடு சமன்பட்டுப்போகும். வெளியே மூன்று லட்சம் வோல்ட் இருக்கலாம், உள்ளே நுழைந்த பட்டைக்கு அதனால் எந்தத் தள்ளலும் இல்லை. மேல் உருளைக்கு அருகில் இன்னொரு சீப்பு இருக்கிறது. அது கோளத்தின் உட்சுவரோடு இணைந்தது. பட்டையின் நேர்மின்னூட்டம் நெருங்கும்போது இந்தச் சீப்பின் முனைகளில் எதிர்மின்னூட்டம் கூடுகிறது, காற்று அயனியாகிறது, எதிர் அயனிகள் பட்டையின் மேல் பாய்ந்து அதன் நேர்மின்னூட்டத்தைத் தீர்த்துவிடுகின்றன. அத்தனை எலக்ட்ரான்களை இழந்த கோளத்தில் அதே அளவு நேர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. மிஞ்சியது ஒரு நொடிகூட உள்ளே தங்காது. ஒன்றையொன்று விலக்கி, கூடியவரை விலகி, கோளத்தின் வெளிப்பரப்பில் போய்ப் பரவிக்கொள்ளும். உட்பரப்பு மறுபடியும் வெறுமையாகி அடுத்த சுமைக்குத் தயாராகிறது.

கோளம் உள்ளீடற்றதாக இருப்பதன் பொருள் இதுதான். இதே பட்டை கோளத்தின் வெளிப்பரப்பை உரசியபடி ஓடினால் என்ன ஆகும்? பட்டையின் மின்னழுத்தமும் கோளத்தின் மின்னழுத்தமும் சமமாகும் வரைதான் மின்னூட்டம் கைமாறும். சமமானதும் நின்றுவிடும். ஆனால் கூட்டுக்குள் நுழைந்த எந்தப் பொருளுக்கும் கோளத்தின் முழு மின்னழுத்தமும் முதலில் வந்துவிடுகிறது. அதன் சொந்த மின்னூட்டத்தால் வரும் கொஞ்சம் மின்னழுத்தம் அதற்கு மேல் கூடுகிறது. எனவே உள்ளே இருக்கும் பட்டை எப்போதும் கோளத்தைவிடச் சற்று உயர்ந்த மின்னழுத்தத்தில்தான் இருக்கும். கோளம் ஆயிரம் வோல்ட்டில் இருந்தாலும் பத்து லட்சம் வோல்ட்டில் இருந்தாலும் இந்தச் ‘சற்று’ மாறாது. அதனால் மின்னூட்டம் எப்போதும் பட்டையிலிருந்து கோளத்துக்கே போகும், திரும்பி வராது. மைக்கேல் ஃபாரடே 1843-இல் ஓர் உலோக வாளியை வைத்து இதைக் காட்டிவிட்டார். மின்னூட்டம் பெற்ற பந்து ஒன்றை வாளிக்குள் இறக்கி அடியைத் தொடவைத்தால், பந்து தன்னிடமிருந்த முழுவதையும் இழக்கும், அவ்வளவும் வாளியின் வெளிப்புறத்தில் இருக்கும். வாளியில் முன்பே எவ்வளவு இருந்தது என்பது பொருட்டில்லை. வான் டி கிராஃப் மின்னியற்றி அந்தப் பந்தின் இடத்தில் ஓயாமல் ஓடும் பட்டையை வைத்தது.

சில கருவிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. மேல் உருளையைக் கீழ் உருளைக்கு நேர்மாறான தன்மையுள்ள பொருளால், உதாரணமாக நைலானால், செய்வார்கள். அப்போது மேல் சீப்பு பட்டையின் நேர்மின்னூட்டத்தைத் தீர்ப்பதோடு நிற்காமல், எதிர்மின்னூட்டத்தையும் அதன்மேல் தெளித்து அனுப்பும். பட்டை ஏறும்போது நேர்மின்னூட்டத்தைக் கொண்டுவருகிறது, இறங்கும்போது எதிர்மின்னூட்டத்தை எடுத்துச் செல்கிறது. கோளத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், ஒரே சுற்றில் இரட்டை வருமானம்.

இந்த ஏற்பாட்டில் பட்டை தருவதற்கு வரம்பே இல்லை என்று தோன்றும். கோட்பாட்டளவில் சரிதான். வரம்பு வருவது வெளியிலிருந்து. கோளத்தின் வெளிப்பரப்பில் மின்னூட்டம் அடர்ந்துகொண்டே போகையில், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றில் மின்புலமும் வலுத்துக்கொண்டே போகிறது. சாதாரணக் காற்று சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் காற்று மின்காப்புப் பொருளாக இருக்க மறுத்துவிடும். கோளத்தின் பரப்பில் உள்ள மின்புலத்தைக் கணக்கிடுவது எளிது: மின்னழுத்தத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். ஆகவே ஒரு கோளம் தாங்கக்கூடிய உச்ச மின்னழுத்தம், அதன் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 30,000-ஆல் பெருக்கினால் கிடைக்கும். ஆரம் கூடினால் வோல்ட் கூடும். குவிமாடம் உருண்டையாக இருப்பதும் இதனால்தான். எங்கேனும் ஒரு மூலையோ விளிம்போ இருந்தால், அந்த இடத்தின் ஆரம் மிகச் சிறியது, அங்கே காற்று முதலில் உடைந்து மின்னூட்டம் கசியத் தொடங்கும். பட்டை நுழைவதற்காகக் கோளத்தின் அடியில் வெட்டும் துளையின் விளிம்பை உட்புறமாகச் சுருட்டிவிடுவதும் இதே காரணத்துக்காக.

இப்போது ஒரு கருவியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோளத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர். ஆரம் 15 சென்டிமீட்டர் என்பதால் காற்று அனுமதிக்கும் உச்சம் நாலரை லட்சம் வோல்ட். துளை, தூசி, அருகிலுள்ள சுவர், தூணில் கசிவு என்று பல காரணங்களால் நடைமுறையில் அவ்வளவு வராது, மூன்று லட்சம் வந்தால் நல்ல கருவி. அந்த மூன்று லட்சம் வோல்ட்டுக்குக் கோளத்தில் எவ்வளவு மின்னூட்டம் இருக்க வேண்டும்? ஐந்து மைக்ரோகூலூம் போதும், அதாவது ஒரு கூலூமில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடினால், வினாடிக்கு அரைச் சதுர மீட்டர் பரப்பு கோளத்துக்குள் நுழைகிறது. சதுர மீட்டருக்குப் பத்து மைக்ரோகூலூம் ஒட்டியிருந்தால், ஒரு வினாடியில் ஐந்து மைக்ரோகூலூம் போய்ச் சேரும். மின்னோட்டமாகச் சொன்னால் ஐந்து மைக்ரோஆம்பியர். கசிவே இல்லையென்றால் ஒரே வினாடியில் கோளம் மூன்று லட்சம் வோல்ட்டை அடைந்துவிடும்.

மோட்டார் இதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்கலாம். மூன்று லட்சம் வோல்ட்டை ஐந்து மைக்ரோஆம்பியரால் பெருக்கினால் ஒன்றரை வாட். வினாடிக்குப் பத்து மீட்டர் ஓடும் பட்டையின்மேல் அது ஏறக்குறைய 15 கிராம் எடைக்குச் சமமான இழுவைதான். அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தின் எதிர்ப்பு முழுவதும் பட்டைக்கு இப்படித்தான் தெரிகிறது. மோட்டாரின் சக்தியில் மிகுதியானது உருளைகளின் உராய்வுக்கும் காற்றைக் கிழிப்பதற்கும் போகிறது.

மூன்று லட்சம் வோல்ட் கோளத்தில் விரலை நீட்டித் தீப்பொறி வாங்குபவர் சாகாமல் இருப்பதற்கும் இதே கணக்கில் விடை உண்டு. கோளத்தில் தேங்கியிருக்கும் மொத்த ஆற்றல் முக்கால் ஜூல். 75 கிராம் எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றல் அது. தீப்பொறி ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் அதை முடித்துவிடும், பிறகு கிடைப்பது பட்டை தரும் ஐந்து மைக்ரோஆம்பியர் மட்டும். சுருக்கென்று வலிக்கும், தசை துள்ளும், அவ்வளவுதான். ஆனால் இந்த நிம்மதி சிறிய கோளத்துக்கு மட்டுமே உரியது. கோளத்தோடு ஒரு லெய்டன் சாடியையோ வேறு மின்தேக்கியையோ இணைத்துவிட்டால் தேங்கும் ஆற்றல் பல மடங்காகி ஆபத்தாகிவிடும். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் கருவியின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தாலும் மின்னழுத்தம் ஓரிடத்தில் நின்றுவிடுவதைப் பார்க்கலாம். பட்டை கொண்டுவருவதும் கசிந்து போவதும் சமமாகும் புள்ளி அது. தீப்பொறி தாவாவிட்டாலும் கசிவு நடந்துகொண்டுதான் இருக்கும். இருட்டறையில் ஊதா நிற ஒளிர்வும், மெல்லிய சீறல் சத்தமும், ஓசோனின் காரமான மணமும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒளிர்வு கோளத்தின் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே ஒரு தூசியோ துணிநாரோ கீறலோ இருக்கிறது. பளபளப்பான கோளத்தில் ஒட்டிய ஒரே ஒரு நார் கூர்முனைபோல நின்று மின்னூட்டத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும்.

கருவி மந்தமாகிவிட்டால் குறை எங்கே என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. கோளத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மைக்ரோஅம்மீட்டரை இணைத்துவிட்டு மோட்டாரைப் போட வேண்டும். இந்த இணைப்பில் கோளத்தின் மின்னழுத்தம் உயரவே உயராது, ஆகவே கசிவுக்கும் இடமில்லை, பட்டை கொண்டுவருவது அப்படியே மீட்டரில் தெரியும். மீட்டர் வழக்கமான அளவைக் காட்டுகிறது, ஆனால் இணைப்பை எடுத்தால் தீப்பொறி குட்டையாகவே வருகிறது என்றால், பட்டையில் பழுதில்லை. கோளத்திலோ தூணிலோ கசிவு இருக்கிறது. மீட்டரே குறைவாகக் காட்டினால் பழுது கீழே: பட்டை அழுக்கேறியிருக்கும், உருளையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், சீப்பு விலகியிருக்கும். சீப்பு பட்டையைத் தொட்டால் ரப்பரைக் கிழித்துவிடும், தள்ளிப்போனால் தெளிப்பு குறைந்துவிடும். தூணைக் கையால் பிடித்த இடத்தில் படிந்த வியர்வைத் தடம்கூட மின்னூட்டம் இறங்கிவர ஒரு பாதையாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ஈரப்பதம். ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்துவதால் மின்னூட்டம் காற்றில் போய்விடுகிறது என்று பலரும் விளக்கம் சொல்வதுண்டு. அது சரியில்லை. நீராவி கலந்த காற்று வறண்ட காற்றைவிடக் கொஞ்சம் அதிக மின்புலத்தைக்கூடத் தாங்கும். பழுது பரப்புகளில் இருக்கிறது. பட்டையின்மேலும் தூணின்மேலும் உருளைமேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அதில் அழுக்கின் உப்பும் கரைந்துவிட்டால் அது ஒரு மெல்லிய கம்பிபோல வேலை செய்யும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஆய்வகங்களில் இந்தக் கருவி பல நாட்கள் சோம்பிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. பட்டையையும் தூணையும் தலைமுடி உலர்த்தும் கருவியால் சில நிமிடம் சூடுபடுத்தினால் நீர்ப்படலம் நீங்கி உயிர் வந்துவிடும்.

ஆரம் கூடினால் வோல்ட் கூடும் என்ற விதி இந்தக் கருவியின் வரலாற்றையும் நடத்திச் சென்றது. இதைச் செய்த ராபர்ட் வான் டி கிராஃப் அமெரிக்காவின் அலபாமாவில் 1901-இல் பிறந்தவர். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அணுக்கருவைத் தாக்கிப் பார்க்கக் கதிரியக்கப் பொருள்கள் தரும் துகள்களைவிட வேகமும் எண்ணிக்கையும் மிகுந்த துகள்கள் வேண்டும் என்று 1920-களின் இறுதியில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு வலியுறுத்திவந்த காலம் அது. அதற்குப் பல லட்சம் வோல்ட் தேவை, அதுவும் ஏறி இறங்காமல் நிலையாக நிற்கும் வோல்ட். 1929-இல் பிரின்ஸ்டனில் வான் டி கிராஃப் ஒரு தகர டப்பா, ஒரு சிறு மோட்டார், ஒரு பட்டு ரிப்பன் ஆகியவற்றை வைத்து 80,000 வோல்ட் எடுத்துக் காட்டினார். 1931-இல் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு கோளங்களைக் கண்ணாடித் தண்டுகள்மேல் நிறுத்தி, ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் ஏற்றி, இரண்டுக்கும் இடையே 15 லட்சம் வோல்ட் பெற்றார். ஒரு கோளத்துக்கு ஏழரை லட்சம். 30 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் காற்று அனுமதிப்பது ஒன்பது லட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால், எளிய பொருள்களைக் கொண்டே அவர் எல்லையை எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பது தெரியும்.

அடுத்த படி அளவைப் பெருக்குவது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்காக ரவுண்டு ஹில் என்ற பண்ணையில், வான்கப்பல் நிறுத்தும் ஒரு பெரிய கொட்டகைக்குள், 1933-இல் இரண்டு பிரம்மாண்டக் கோளங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் 4.6 மீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கூடு. அவற்றைத் தாங்கிய மின்காப்புத் தூண்கள் ஏழரை மீட்டர் உயரம். கூட்டுக்குள் மின்புலம் இல்லை என்ற அதே உண்மையை வான் டி கிராஃப் இங்கே வேறு விதமாகவும் பயன்படுத்தினார்: கோளங்கள் ஆய்வாளர்கள் உள்ளே இருந்து வேலை பார்க்கும் அறைகளாகவும் வடிவமைக்கப்பட்டன. வெளிப்பரப்பிலிருந்து மின்னல் போன்ற பொறிகள் பறக்கும்போது உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

கணக்குப்படி ஒவ்வொரு கோளமும் 69 லட்சம் வோல்ட்டைத் தாங்கியிருக்க வேண்டும். கிடைத்தது இரண்டுக்கும் இடையே சேர்த்தே சுமார் 50 லட்சம். கோளத்தைக் கட்டுப்படுத்துவது அதன் ஆரம் மட்டும் இல்லை என்பதை அந்தக் கொட்டகை காட்டியது. சுவரும் கூரையும் தரையோடு இணைந்தவை, பொறிகள் அவற்றை நோக்கித் தாவின. உள்ளே குடியிருந்த புறாக்கள் கோளங்கள்மேல் எச்சமிட்டன. எச்சம் காய்ந்த ஒவ்வொரு மேடும் கசிவுக்கு ஒரு முனையானது. கடலோர ஈரக்காற்று வேறு. பல கோடி வோல்ட் என்று கனவு கண்டவர்களுக்கு இது கசப்பான பாடமாக இருந்திருக்கும். அந்த இரட்டைக் கோளங்கள் இப்போது பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டு, பார்வையாளர்களுக்குப் பொறிகளைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

கோளத்தை மேலும் பெரிதாக்குவதில் பயனில்லை என்றானபோது, காற்றை மாற்றும் வழி முன்னுக்கு வந்தது. வாயுவை அழுத்தினால் மூலக்கூறுகள் நெருங்கிவிடும். எலக்ட்ரான் ஒன்று அடுத்த மூலக்கூறை உடைக்கும் அளவு வேகம் பெறுவதற்குள் எதிலாவது மோதி வேகத்தை இழந்துவிடும். ஆகவே அழுத்தப்பட்ட வாயு அதிக மின்புலத்தைத் தாங்கும். விஸ்கான்சினில் ரேமண்ட் ஹெர்ப் 1930-களில் கருவி முழுவதையும் அழுத்தத் தொட்டிக்குள் வைத்து இந்த வழியை வளர்த்தார். தூண் நெடுகிலும் உலோக வளையங்களைப் பொருத்தி, மின்னழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் படிப்படியாக இறங்கும்படியும் செய்தார். பின்னாளில் காற்றுக்குப் பதிலாகக் கந்தக ஹெக்சாஃபுளோரைடு வாயு வந்தது. எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு, பொறி பிறக்கவே விடாது. கொட்டகை அளவுக் கோளம் கொடுக்காததைச் சில மீட்டர் அகலமுள்ள தொட்டி கொடுத்தது.

பட்டையும் தப்பவில்லை. ரப்பர் தேயும்போது தூளை உதிர்க்கும், அதில் மின்னூட்டம் சீராக ஒட்டாது, அதனால் மின்னழுத்தம் நடுங்கும். 1960-களில் ஹெர்ப் பட்டையின் இடத்தில் ஒரு சங்கிலியை ஓட்டினார். உலோகக் குண்டுகளை நைலான் இணைப்புகளால் கோத்த சங்கிலி அது. சீப்பும் தெளிப்பும் இல்லாமல், தூண்டல் முறையிலேயே ஒவ்வொரு குண்டும் மின்னூட்டம் பெறும். பெல்லட்ரான் என்ற பெயர் அந்தக் குண்டுகளால் வந்தது. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் இருப்பது இந்த வகை. 26 மீட்டருக்கும் உயரமான எஃகுத் தொட்டிக்குள், நடுவில் இருக்கும் உலோக முனையம் 150 லட்சம் வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டது.

அங்கே அந்த மின்னழுத்தம் இரண்டு முறை பயன்படுகிறது. தொட்டியின் உச்சியில் எதிர்மின்னூட்டம் ஒன்று கொண்ட ஆக்ஸிஜன் அயனியை உள்ளே விட்டால், நேர்மின்னூட்டம் உள்ள நடு முனையம் அதை இழுத்து வேகப்படுத்தும். முனையத்தின் உட்குழிவில் மிக மெல்லிய கரித் தாள் ஒன்று இருக்கிறது. அதைத் துளைக்கும்போது அயனி தன் எலக்ட்ரான்களில் பலவற்றை இழந்து நேர்மின் அயனியாகிவிடும். இழுத்த அதே முனையம் இப்போது அதை விலக்கித் தள்ளும், அயனி தொட்டியின் அடி நோக்கி மறுபடியும் வேகமெடுக்கும். ஏழு நேர்மின்னூட்டங்களோடு வெளியேறும் ஆக்ஸிஜன் அயனி, வரும்போது ஒரு பங்கும் போகும்போது ஏழு பங்குமாக, 15 மில்லியன் வோல்ட்டை எட்டு மடங்காக்கி 120 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வந்து சேரும்.